பாதி சவரம்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், கழுத்துக்கு நெட்டி எடுக்கும்போது கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆம்பளை நான்தான்.

பொய். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிடுகிற ஆள் நான். சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்து மீசையைத் தடவுவேன்.

எங்கள் பக்கம் முடி வெட்டினால் அதோடு முடியாது. பிடரியில் பவுடர் போட்டு, துணியை உதறுவதற்கு முன்னால், கடைக்காரன் ஒரு கையைத் தாடையில் வைப்பான், இன்னொரு கையைப் பின்மண்டையில் வைப்பான். தூளி மாதிரி லேசாக ஆட்டுவான். நாம் அசந்த நேரம் பார்த்து ஒரே திருகு. மடக்கென்று கேட்கும். அப்புறம் மறுபக்கம். அந்தச் சத்தம் வராமல் எழுந்து போனால் கொடுத்த காசு செரிக்காது. உப்பில்லாத ரசம் மாதிரி.

எனக்கு நெட்டி எடுப்பவன் என் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்தவர்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது எங்களையும் சேர்த்துப் பிடுங்கி, தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் கொண்டுவந்து நட்டார்கள். அவன் காய்கறிப் பாசார் பக்கத்தில் கடை போட்டான். நான் லோரி ஓட்டினேன். குனோங் ராபாட் பக்கத்து மலையை உடைத்து எடுக்கிற கல்லை ஏற்றிப் போய்க் கொட்டுகிற வேலை. படிப்பு என்று கேட்டால், தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை போனேன். ஆறாவது படித்தேன் என்று சொல்லவில்லை, போனேன்.

அந்த முறை ஒரு கல்யாணத்துக்காக முடி வெட்டப் போயிருந்தேன். என் மனைவியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். நெட்டி எடுத்தபோது இடது பக்கம் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

"கேட்டியா? இந்தச் சத்தம் ஈப்போ வரைக்கும் கேட்டிருக்கும் லா," என்றான்.

"எனக்குக் கேட்டுச்சு. ஈப்போவுக்குப் போன் பண்ணிக் கேளு," என்றேன்.

அன்று சாயங்காலமே இடது கழுத்தில் வலி. தாடைக்குக் கீழே தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பல்வலி, மண்டைவலி எதிலும் சேராத வலி. மாத்திரை போட்டேன், தைலம் தேய்த்தேன். லோரி ஓட்டுகிறவனுக்குக் கழுத்து வலி வராமல் வேறு எது வரும்? இரண்டு நாளில் இன்னொன்று. இடது கண் இமை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பாதித் தூக்கத்தில் இருக்கிற மாதிரி.

"யாரப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டு இருக்க?" என்றாள் மனைவி. அவள் கையுறை பேக்டரியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஓட்டைக் கையுறையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு என் கண்ணில் மட்டும் எதுவும் தப்பாது.

"கல் எடை போடுற எடத்துல ஒரு பொண்ணு இருக்கு," என்றேன்.

"அவளுக்குத்தான் கண்ணு தெரியல போல," என்றாள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் அந்தக் கண்ணை வைத்து ஒரு வாரம் ஊரையே சிரிக்க வைத்தேன்.

கல்யாண நாளும் வந்தது. இங்கே என் இன்னொரு தொழிலைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எதுவாக இருந்தாலும் நான் குடிகாரன் மாதிரி நடித்துக் காட்டுவேன். ஒரு பக்கமாகச் சாய்வேன், கையில் இருப்பதைக் கீழே போடுவேன், வாய் குழறும், மாப்பிள்ளையிடம் போய்ப் புத்தி சொல்லுவேன். கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உண்மையாகவே குடித்திருந்தால் இவ்வளவு நன்றாக வராது. அன்றைக்கு நான் ஒரு சொட்டும் தொடவில்லை. தலைவலி அவ்வளவு.

மதியப் பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தேன். வலது கையில் கரண்டி. திடீரென்று கரண்டி இல்லை. நான் போடவில்லை, கையும் விடவில்லை. கை என்று ஒன்று இருந்த இடத்தில் யாரோ ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. குனிந்து எடுக்கலாம் என்று பார்த்தால் வலது கால் மடங்கியது. ஒரு மாமாவின் தோள் மேல் சாய்ந்தேன். சாம்பார் அவர் வேட்டியில்.

"ஆரம்பிச்சிட்டான்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

மண்டபமே திரும்பியது. "மாமா, கை மரத்துப்போச்சு, பிடிங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு என்னவோ. கூழ் கொதிக்கிற சத்தம். கைதட்டினார்கள். ஒரு பையன் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தான். இன்னொருவன், "அண்ணே, இன்னொரு தடவ!" என்றான்.

என் வாழ்க்கையிலேயே நான் நடித்ததில் மிகச் சிறந்த நடிப்பு, நான் நடிக்காத அதுதான்.

தரையில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். எழுந்திருக்கவில்லை என்றதும் சிரிப்பு கோபமாக மாறியது. உண்மையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். என் கூட்டாளிதான் முன்னால் வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"மாபோக்குடா மச்சான் நீ, நல்ல போதை. கல்யாண வீட்ல மானத்த வாங்காத. வா, வந்து படு," என்றான்.

தன் வேனின் பின்சீட்டில் படுக்க வைத்தான். போதை இறங்கட்டும் என்று எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வாயில் ஊற்றினான். அதை விழுங்க முடியவில்லை. மூச்சுக்குழாயில் இறங்கி, இருமி இருமிக் கண் பிதுங்கியது. அவன் என் முதுகைத் தட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போனான். பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

அங்கே கிடந்தேன். மேலே வேனின் கூரை. வெளியே நாதஸ்வர கேசட். எனக்கு எல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை. ஹாரனை அடிக்கலாம் என்று நினைத்தேன். ஹாரன் முன்சீட்டில். நான் நாற்பது டன் லோரியைப் பின்னால் எடுத்து ஊசி முனையில் நிறுத்துகிறவன். ஒரு சீட்டைத் தாண்ட முடியவில்லை.

மனைவிக்குச் செய்தி போயிருக்கிறது. "கெடக்கட்டும்," என்று சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக் கல்யாணம். அவள் தலை குனிந்தது எனக்குத் தெரியாதா?

மண்டபம் காலியாகி, பாத்திரங்களை ஏற்றின பிறகுதான் வந்தாள். கதவைத் திறந்ததும் ஆரம்பித்தாள். என் அப்பன், பாட்டன், லயத்துக் கடைசி வீட்டு நாய் வரைக்கும் யாரையும் விடவில்லை. நான் பேசாமல் கிடந்தேன். திடீரென்று நிறுத்தினாள். என் முகத்தைக் கையில் பிடித்துத் திருப்பினாள்.

"இவன் எனக்குப் பதில் சொல்லாம இருந்ததே இல்லையே," என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது. "வாய் கோணியிருக்கு. அண்ணே! அண்ணே, ஓடியாங்க! இது குடி இல்ல!"

ஈப்போ பெரியாஸ்பத்திரி வரைக்கும் என் கூட்டாளிதான் வேனை ஓட்டினான். சிவப்பு விளக்கு எதையும் அவன் பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு தமிழ் டாக்டரம்மா. சின்ன வயது. கையைத் தூக்கு, காலைத் தூக்கு, சிரி என்றார். சிரி என்று சொல்லி என்னால் முடியாமல் போனது அன்றைக்கு மட்டும்தான். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"கடைசியா இவர் எப்ப நார்மலா இருந்தாரு?"

"டாக்டர், இவன் என்னைக்கு நார்மலா இருந்தான்?" என்றான் கூட்டாளி. பயத்தில் வந்த சிரிப்பு. பழக்க தோஷம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது ஸ்ட்ரோக். மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. அடைப்பக் கரைக்க ஊசி இருக்கு, ஆனா தொடங்குன சில மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா மூளையிலயே ரத்தம் கசியலாம். அதனாலதான் கேக்குறேன். எப்ப?"

ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். கடைசியில் மனைவியின் கைப்பேசியில் பார்த்தார்கள். குடும்ப வாட்ஸப்பில் என் நடிப்பு வந்திருந்தது. கீழே முப்பது பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். டாக்டரம்மா அதை முழுவதும் பார்த்தார். கரண்டி விழுகிற சத்தம், கைதட்டல், "இன்னொரு தடவ". அனுப்பிய நேரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நேரம் தாண்டிருச்சு," என்றார்.

வார்டில் சேர்த்தார்கள். மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி கரண்டியில் தண்ணீர் கொடுத்து நான் விழுங்குகிறேனா என்று பார்த்தாள். புரையேறியது. "யாரும் வாயில ஒண்ணும் கொடுக்கக் கூடாது," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மூக்கு வழியாகக் குழாய் போட்டாள். எலுமிச்சைச் சாறு கொடுத்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. "ஆமா." அது ஒன்றுதான். பேர் என்ன என்றால் ஆமா. வலிக்குதா என்றால் ஆமா. வலிக்கலையா என்றாலும் ஆமா. உள்ளே எல்லாச் சொல்லும் வரிசையில் நிற்கிறது, கதவில் இது ஒன்றுதான் முட்டி மோதி வெளியே விழுகிறது. மனைவி என் தலையைத் தடவினாள். "கட்டுன நாள்லேர்ந்து இத ஒருவாட்டி கேட்ரமாட்டமான்னு இருந்தேன்," என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

நாற்பதுகூட ஆகாதவனுக்கு ஏன் வந்தது என்று தேடினார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. "இந்த வயசுல வந்தா வேற காரணமும் தேடணும்," என்றார் டாக்டரம்மா. முதலில் நெஞ்சு. உப்புத் தண்ணீரைக் காற்றோடு சேர்த்துக் குலுக்கி, குட்டிக் குட்டிக் குமிழியாக்கிக் கை நரம்பில் ஏற்றினார்கள். முக்கச் சொன்னார்கள். முக்குவதற்கு வார்த்தை தேவையில்லை, நன்றாகவே முக்கினேன். திரையில் நெஞ்சின் வலது அறை பூராவும் வெள்ளைப் புள்ளி. மூச்சை விட்டதும் அதில் நாலைந்து இடது அறைக்குத் தாவின.

"இதயத்துல சின்ன ஓட்டை இருக்கு. கருவுல இருக்கும்போது எல்லாருக்கும் தெறந்திருக்கிற கதவு. பொறந்தப்புறம் மூடிக்கணும். சிலருக்கு மூடாது. கால்ல கட்டுற ரத்தக்கட்டி அது வழியா மூளைக்குப் போகலாம்."

என் கூட்டாளி அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா மச்சான், ஒனக்கு ஒங்கம்மா வயித்துலயே ஓட்டை! அதான் ஒங்கிட்ட சொல்ற ரகசியமெல்லாம் ஒழுகிப்போவுது." வார்டே சிரித்தது. நானும் பாதி முகத்தால் சிரித்தேன். சாயங்காலம் சவரக் கத்தி, சோப்பு, கிண்ணம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "தாடியோட கெடந்தா நோயாளி மாதிரி இருக்கு லா," என்றான்.

வலது கன்னத்தை மழித்து முடித்து, இடது கன்னத்தில் சோப்பைத் தடவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா பெரிய டாக்டரோடு வந்தார். அவரும் தமிழர், வயதானவர். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து இரண்டு கண்ணிலும் விளக்கடித்தார்.

"வாய் வலது பக்கம் தொங்குது. ஆனா இமை எறங்கியிருக்கிறது இடது பக்கம். கண் பாப்பாவும் அந்தப் பக்கம் சின்னதா இருக்கு. இந்தக் கண் எறங்குனது ஸ்ட்ரோக்குக்குப் பொறவா, முன்னாடியா?"

"முன்னாடியே, டாக்டர்," என்றாள் மனைவி. "ஒரு வாரமா. கண்ணடிக்கிறாருன்னு நெனச்சேன்."

"கழுத்து வலி இருந்துச்சா?"

"இருந்துச்சு. கல்யாணத்துக்கு முடி வெட்டிட்டு வந்தாரே, அன்னைலேர்ந்து. நெட்டி எடுத்தப்ப பெருசா சத்தம் கேட்டுச்சுன்னு வந்து சொன்னாரு."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. கேட்டார், சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் கத்தியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் விளக்கினார். மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் கழுத்தின் இரண்டு பக்கமும் ஏறுகிறது. அதன் சுவர் பல அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து கட்டியாகும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போகும். கண்ணுக்குப் போகிற நரம்பும் அதே குழாயைச் சுற்றித்தான் ஏறுகிறது, அதனால்தான் இமை இறங்கியது. கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு உடனே புரிந்தது. டயர் இப்படித்தான் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் புதுசு. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும்.

என் கூட்டாளிக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் குனிந்தான்.

"மச்சான். என்னாலதானாடா?"

இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா," என்றேன்.

தலையை ஆட்டியாவது சொல்லலாம் என்றால் கழுத்தைத் திருப்பவே பயம். இடது கையை எடுத்து வீசினேன். அது அவனுக்குப் போடா என்று தெரிந்திருக்கும். "ஆமா, ஆமா, ஆமா" என்று கத்தினேன். எவ்வளவு கத்தினேனோ அவ்வளவும் அதுவாகவே வந்தது. கத்தியைத் துடைத்து மடித்தான். கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். என் இடது கன்னத்தில் சோப்பு காய்ந்து இறுகியது. மிஸ்ஸி வந்து துடைத்துவிட்டாள்.

ஸ்கேனில் கிழிசல் தெரிந்தது. இடது பக்கம், காதுக்குக் கொஞ்சம் கீழே. நெஞ்சு ஓட்டை இந்தக் கேசில் நிரபராதி என்று விட்டுவிட்டார்கள். அதை அடைக்க வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போதும் என்றார் பெரிய டாக்டர். இன்னொன்றும் சொன்னார். "நெட்டி எடுத்ததாலதான்னு நூறு சதவீதம் சொல்ல முடியாது. சிலருக்குப் பலமா தும்மினாலே கிழியும். பாரம் தூக்கினாலும் கிழியும். ஏற்கனவே கிழிஞ்சு, அந்த வலியோடயே போய் நெட்டி எடுத்துக்கிறவங்களும் உண்டு. ஆனா இனிமே ஒங்க கழுத்த யாரும் திருகக் கூடாது."

இதைக் கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. மனைவி போன் போட்டாள். எடுக்கவில்லை. கடை பூட்டியிருக்கிறது என்றார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். படம் காட்டுவாள். பூனை, குடை, சாவி. நான் எல்லாவற்றுக்கும் ஆமா. ஒருநாள் கைப்பயிற்சி கொடுக்கிறவன் வலது தோளை இழுத்தபோது, வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை சுத்தமாக, முழுசாக, எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொன்னாள். திட்டும் பாட்டும் வேற வழியா வரும் என்றாள் பேச்சுப் பயிற்சிப் பெண். என்ன சொல்லிப் பழகணும் என்று கேட்டாள். மனைவி எனக்காகப் பதில் சொன்னாள்.

"இவருக்கு 'இல்ல'ன்னு சொல்லக் கத்துக் கொடுங்கம்மா. அது மட்டும் போதும்."

வீட்டுக்கு வந்த பிறகும் அதைத்தான் பழகினேன். கண்ணாடி முன்னால், குளிக்கிற இடத்தில், கோழிக்குத் தீனி போடும்போது. நாக்கை மேலே மடக்கி, இ-ல்-ல. பத்து முறை முயன்றால் ஒன்பது முறை ஆமா.

தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. வேறு கடைக்குப் போகச் சொன்னாள். போகவில்லை. கடை திறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் தடியை ஊன்றிக்கொண்டு போனேன். ஆள் மெலிந்துபோயிருந்தான். நான் நேராக நாற்காலியில் உட்கார்ந்து, தாடையைத் தூக்கி, கழுத்தைக் காட்டினேன். அவன் கிட்ட வரவில்லை.

"என்னால முடியாது மச்சான். நீயே சொன்ன. என்னாலதான்னு."

நாக்கை மடக்கினேன். வியர்த்தது. கண்ணாடியில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டேன்.

"இல்ல," என்றேன்.

சரியாக வந்தது. மறுபடியும் சொன்னேன். "இல்ல. டாக்டர். நூறு. இல்ல." அதற்கு மேல் முடியவில்லை. கூட வந்த மனைவிதான் மிச்சத்தைச் சொன்னாள். நூறு சதவீதம் சொல்ல முடியாதாம், தும்மினாலும் கிழியுமாம் என்று.

அவன் சோப்புக் கிண்ணத்தை எடுத்தான்.

"அப்ப எத்தன சதவீதமாம், தங்கச்சி?"

அதை நாங்கள் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவன் சோப்பைக் கரைத்து, இடது கன்னத்தில் தடவ ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் விட்ட இடத்திலிருந்து.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. குழாய்ச் சுவர் ஒட்டிக்கொண்டது என்று அடுத்த ஸ்கேனில் சொன்னார்கள். பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது, மிச்சத்துக்குக் கெட்ட வார்த்தை போட்டு நிரப்பிக்கொள்கிறேன். வலது கை வரவில்லை. இனி வராது என்று யாரும் சொல்வதில்லை, வரும் என்றும் சொல்வதில்லை. லோரியை வேறொருவன் ஓட்டுகிறான். இதை இடது கைக் கட்டைவிரலால் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான். பகல் பூராவும் இங்கேதான் இருப்பேன்.

நெட்டி எடுப்பதை அவன் நிறுத்திவிட்டான். பாதி வாடிக்கை பாசாருக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து, வெட்டி முடித்ததும் கழுத்தை நீட்டுகிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். சண்டை போடுகிறார்கள். போன வாரம் ஒரு ஆள், காசு கொடுக்க மாட்டேன் என்று எழுந்தபோது, என் கூட்டாளி கத்திரியைக் கீழே வைத்தான். பின்பக்கம் போனான். நானும் தடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "மச்சான், நெசத்த சொல்லு, இந்தக் கை..." என்று ஆரம்பித்தான். நான் அவனிடம் என்ன சொன்னேன் என்றால்

"டேய்! போன வச்சிட்டு இங்க வாடா!"

அவன்தான். நாற்காலியில் ஒரு லோரிக்காரப் பையன், தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"சொன்னா கேக்க மாட்டேங்கிறான் லா. நெட்டி எடுத்தாத்தான் எந்திரிப்பானாம். வா, வந்து ஒன் வலது கையக் காட்டு."

வாரேன், இரு.